அம்மாவின் அந்தியேட்டி முடிந்தபின் ஒரு நன்றி மடல்

ரொறன்ரோவிலும் பிற இடங்களிலும் உள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

கடந்த மாசி மாதம் ஸ்காபரோவில் காலமான எங்கள் அம்மாவின் இறுதிக் கிரியைகளில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நன்றி நவிலல் அட்டையில் வழக்கமாக எழுதும் நான்கு வரிகளில் இதை முடித்திருக்கலாம். ஆனால் நேரில் வந்தவர்கள், தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள், மலர்வளையம் அனுப்பியவர்கள் என்று வகை பிரித்துவிட்டால், யார் என்ன செய்தார்கள் என்பது அதற்குள் காணாமல் போய்விடும். அதனால்தான் இந்த மடல் கொஞ்சம் நீள்கிறது.

முதல் நன்றி சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கு. ஊரில் சாவு விழுந்த வீட்டில் உடலை எடுக்கும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. அங்கே அது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அம்மா இறந்தது செவ்வாய்க்கிழமை இரவு. மண்டபம் கிடைத்ததும் பாரிஸிலும் லண்டனிலும் இருந்து உறவினர்கள் வந்து சேர முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைதான். அதுவரை எங்கள் அடுப்பு மூட்டப்படவில்லை. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தங்களுக்குள் முறை பிரித்துக்கொண்டு, காலையில் இடியப்பமும் சொதியும், மாலையில் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் என்று வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மரக்கறி மட்டும் என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நன்றி மலர்ச்சாலை ஊழியர்களுக்கு. தகனத்துக்கு முன்னே எத்தனை தாள்கள் தேவை என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. மருத்துவர் தரும் மரணச் சான்றிதழும் குடும்பத்தினர் நிரப்பும் விவரப் படிவமும் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய், அங்கே அடக்க அனுமதி பெறவேண்டும். ஒன்ராறியோவில் எரிப்பதாக இருந்தால் மரண விசாரணை அதிகாரியின் சான்றிதழும் தனியாக வேண்டும். எரித்தபின் உடலைத் திரும்பப் பரிசோதிக்க வழியில்லை என்பதால் இந்த விதி. இவற்றையெல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். எங்களிடம் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, அம்மாவின் நெஞ்சில் இதயமுடுக்கி இருக்கிறதா என்பது. இருந்தது. அதன் மின்கலம் சூளையின் வெப்பத்தில் வெடிக்கும், முன்கூட்டியே எடுத்துவிடவேண்டும். அதற்கு எங்கள் கையொப்பம் வேண்டும். இப்படியொரு கருவி பொருத்திய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அந்த விவரத்தைப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

குளிப்பாட்டும் அறையில் தங்கையும் நானும் சின்னம்மாவும் நிற்பதற்கு அவர்கள் அனுமதித்தார்கள். எண்ணெயும் அரப்பும் வைத்து, பாலும் தண்ணீரும் ஊற்றி, அம்மா தானே எடுத்து வைத்திருந்த காஞ்சிபுரத்தை உடுத்திவிட்டோம். ஊரில் இது உரிய பெண்களின் கடமை. இங்கே பெரும்பாலான வீடுகளில் ஊழியர்கள் செய்து முடித்துவிடுகிறார்கள். கேட்டால் விடுவார்கள் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

கிரியைகளை நடத்திய சைவக்குருக்கள் ஐயாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. எங்களுக்கு ஆண் சகோதரர்கள் இல்லை. தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது வழக்கம். மகனே இல்லாத இடத்தில் யார் என்று உறவுக்குள் இரண்டு மூன்று கருத்துகள் எழுந்தன. பெறாமகன் ஒருவர் நார்வேயிலிருந்து வரவும் தயாராக இருந்தார். ஐயா ஒரே வார்த்தையில் முடித்தார்: மகள் வயிற்றுப் பேரனுக்கு உரிமை உண்டு, அவனே செய்யட்டும். அவன் என் மகன். வயது பதினாறு. பிறந்தது இங்கே. கொள்ளி வைப்பவன் மீசை மழிக்கவேண்டும் என்று பெரியப்பா நினைவூட்டியபோது, மழிப்பதற்கு அவனிடம் மீசை இல்லை என்பதைக் கண்டு துக்க வீட்டிலும் சிலர் சிரித்துவிட்டார்கள். அம்மா இருந்திருந்தால் முதலில் சிரித்தவர் அவராகத்தான் இருந்திருப்பார்.

ஒவ்வொரு கிரியைக்கும் முன்பு ஐயா அவனுக்குப் புரியும் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, பிறகு மந்திரத்தைத் தொடங்கினார். சுண்ணம் இடிப்பதற்குச் சிறிய மர உரலையும் உலக்கையையும் தன் காரிலேயே கொண்டுவந்திருந்தார். மஞ்சளும் அறுகம்புல்லும் இட்டுப் பெண்கள் இடிக்க, திருப்பொற்சுண்ணம் பாடப்பட்டது. அதில் இருபது பாடல்கள். மண்டபம் எங்களுக்கு இரண்டு மணி நேரம்தான் என்பதால் சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தார். ஆனால் பாடிய பாடலில் ஒரு வரியையும் விடவில்லை. அவசரம் என்று எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

நெருப்பும் தண்ணீரும்தான் இங்கே சிக்கல். ஊரில் பேரப்பிள்ளைகள் குச்சியில் துணி சுற்றி நெய்யில் தோய்த்த பந்தம் பிடித்து நிற்பார்கள். மண்டபத்தில் புகையுணரி இருக்கிறது. அந்தப் பந்தத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. மெழுகுவர்த்தித் திரிகளில் ஐயா ஒரு துளி நெய் தடவிக் கொடுத்தார். பிள்ளைகள் அவற்றைப் பிடித்தபடி அம்மம்மாவைச் சுற்றி வந்தார்கள். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து இடமாக மூன்று முறை சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றிலும் கத்தியால் ஒரு துளை போடுவார்கள், தண்ணீர் ஒழுகும், கடைசியில் பின்பக்கமாகப் போட்டு உடைக்கவேண்டும். தரையில் விரிப்பு. வெளியே பனி. நாங்கள் தயங்கி நிற்பதைப் பார்த்த இளம் ஊழியர் ஒருவர், யாரும் சொல்லாமலே நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து விரித்துவிட்டு, தரை துடைப்பானுடன் சுவரோரம் ஒதுங்கி நின்றார். குடத்தில் கால்பங்குத் தண்ணீர்தான் இருந்தது. உடைந்த சத்தம் மட்டும் முழுதாகக் கேட்டது. அந்த இளைஞரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோம். இதை வாசிக்க அவருக்குத் தமிழும் தெரியாது. இருந்தாலும் அவருக்கும் நன்றி.

ஊரில் பெண்கள் வாய்க்கரிசி போட்டதும் படலையோடு நின்றுவிடுவோம். சுடலைக்குப் போவது ஆண்கள். இங்கே தகனக்கூடம்வரை நாங்கள் எல்லோரும் போனோம். பேழையின் தலைமாட்டில் சந்தனக் கட்டையில் கற்பூரம் ஏற்றி வைத்துவிட்டு, மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். கண்ணாடிக்கு இப்பால் நின்று நானும் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாமா என்று பலர் கேட்டார்கள். பார்த்தது நல்லதென்றே நினைக்கிறேன்.

மாறியவற்றில் எனக்குச் சிறிதும் வருத்தம் தராத ஒன்றையும் சொல்லவேண்டும். வெள்ளை கட்டுவதற்கு ஒரு சாதி, பறை அடிப்பதற்கு ஒரு சாதி, சுடலையில் நிற்பதற்கு ஒரு சாதி என்று ஊரில் குடிமை முறை இருந்தது. எங்கள் அப்பப்பாவின் சாவீட்டில் அவர்களை முற்றத்துக்கு அப்பால் நிறுத்தியதை நான் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். இங்கே அந்த வேலைகளைச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள் செய்கிறார்கள், எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி. பறையின் ஒலி இல்லாதது ஒரு வெறுமைதான். ஆனால் அந்த ஒலியை எழுப்பியவர்களை நாங்கள் நடத்திய விதம் இங்கே தொடராததில் நிம்மதி.

நாள் கணக்கில் ஏற்பட்ட குழப்பத்தைத் தீர்த்துவைத்தவர்களுக்கும் நன்றி. அம்மாவின் உயிர் பிரிந்தது செவ்வாய் இரவு ஒன்பதரைக்கு. அப்போது யாழ்ப்பாணத்தில் புதன் காலை எட்டு மணி. குளிர்காலத்தில் இரண்டு இடங்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்குள்ளவர்கள் புதனை முதல் நாளாக வைத்து எண்ணினார்கள், நாங்கள் செவ்வாயை. உயிர் பிரிந்த கணத்தின் திதி உலகம் முழுவதும் ஒன்றுதான். ஆனால் அந்தத் திதி எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு மாறுகிறது என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். ஊரில் அச்சிட்ட பஞ்சாங்கத்தின் நேரத்தை அப்படியே இங்கே வைத்துப் பார்த்தால் திவசம் ஒரு நாள் தவறிப்போகலாம். இறந்த இடத்து நாளையே கொள்ளவேண்டும் என்று ஐயா சொன்னார். அதன்படி முப்பத்தோராம் நாள் ஒரு வியாழக்கிழமையில் வந்தது. அந்தியேட்டியை அன்று காலை குடும்பத்தோடு மட்டும் செய்தோம். உங்களை அழைத்து விருந்து கொடுத்தது சனிக்கிழமை. கிரியையை நாளுக்கும், விருந்தை விடுமுறைக்கும் வைத்தோம்.

காடாற்று மட்டும் முழுமையாக நடக்கவில்லை. ஊரில் மறுநாள் சுடலைக்குப் போய்க் கால் எலும்பிலிருந்து தலைவரை பொறுக்கி, பாலும் தண்ணீரும் தெளிப்பார்கள். இங்கே எலும்புகளை இயந்திரத்தில் அரைத்து, மெல்லிய சாம்பலாகப் பெட்டியில் தருகிறார்கள். பொறுக்க ஏதும் இல்லை. ஐயா வாழையிலையில் சாம்பலைத் தலை, உடல், கால் என்ற ஒழுங்கில் பரப்பச் சொல்லி, அதன்மேல் பால் தெளிக்கவைத்தார். ஒரு பங்கை ஒன்ராறியோ ஏரியில் கரைத்தோம். மாகாண அரசுக்குரிய நீர்நிலையில் சாம்பலைக் கரைக்கத் தடையில்லை. மாலையின் நூலையும் பிளாஸ்டிக் பையையும் கரையில் விட்டுவராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மற்றப் பங்கு கீரிமலைக்குப் போகிறது. அதை எடுத்துச் செல்ல ஒப்புக்கொண்ட மைத்துனருக்கு நன்றி. விமான நிலையத்தில் ஊடுகதிர் புகாத உலோகக் கலசத்தை அனுமதிக்கமாட்டார்கள் என்று மரப்பெட்டியை வாங்கித் தந்தவரும் அவரே.

கடைசியாக, சம்பந்தி வீட்டாருக்கு. என் மகளின் திருமணம் வைகாசியில் என்று அம்மா உயிரோடு இருக்கும்போதே குறித்தாகிவிட்டது. ஆண்டுத் திவசம் முடியாமல் நல்ல காரியமா என்ற கேள்வி இரு பக்கமும் எழுந்தது. மகள் தகப்பன் வழியைச் சேர்ந்தவள், தாய்வழிப் பாட்டியின் ஆண்டுத் துக்கம் அவளைத் தடுக்காது என்பது ஐயாவின் முடிவு. அதே வீட்டில் தம்பி கொள்ளிக்கு உரியவன், அக்கா துக்கத்துக்கு வெளியே! சாத்திரத்தின் இந்தச் சாமர்த்தியத்தை என் கணவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் கொள்ளி வைத்தவன் அந்த ஆண்டு முழுவதும் மங்கல காரியத்தில் முன்னிற்கக் கூடாது. பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையின் கால் கழுவி அழைத்து வரவேண்டியவன். இப்போது அந்த இடத்தில் தங்கையின் மகன் நிற்பான். என் மகன் விருந்தினர் வரிசையில் அமர்வான். நாளை மாற்றாமல், வரவேற்பை மட்டும் சுருக்கிக்கொள்ள இணங்கிய சம்பந்தி வீட்டாருக்கு என் மனமார்ந்த நன்றி. பொன்னுருக்கலைத் தட்டார் வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். உணவு கொண்டுவந்த பாத்திரங்கள் நிறைய எங்கள் சமையலறையில் இருக்கின்றன. அடியில் எழுத்துக் கீறிய எவர்சில்வர் தூக்குகளுக்கு உரியவர்களைக் கண்டுபிடித்துவிட்டோம். பச்சை மூடி போட்ட பெரிய சொதிச் சட்டியும் இரண்டு இடியப்பத் தட்டுகளும் யாருடையவை என்று இன்னும் தெரியவில்லை. ஞாயிறு மாலைகளில் வீட்டில் இருப்போம். வந்து எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
குடும்பத்தினர் சார்பில் மூத்த மகள்
ஸ்காபரோ