கடைசிப் பத்தியிலிருந்து தொடங்கியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த, ஓல்கா டெல்லிஸ் வழக்கின் 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றிய விமர்சனக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சட்ட மாணவர்கள் எழுதும் கேஸ் கமெண்ட்டுகளைத் திருத்துவது பல வருஷமாக என் வேலை. அந்தப் பழக்கத்தில் பென்சிலோடுதான் உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்திலேயே பெரிய வட்டம் ஒன்று போட வேண்டியதாயிற்று.

"பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்துவதை உச்ச நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது" என்கிறார் கட்டுரையாளர். அப்படி நடக்கவே இல்லை. அப்புறப்படுத்த மாநகராட்சி ஆணையர் உத்தரவிட்டது சரியே என்றுதான் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஆணையருக்கு அந்த அதிகாரத்தைத் தரும் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் பிரிவு 314 செல்லும் என்றது. மழைக்காலம் முடிந்து ஒரு மாதம் வரை, அதாவது 1985 அக்டோபர் 31 வரை, நடைபாதையிலிருந்து யாரையும் அகற்றக் கூடாது என்று அவகாசம் கொடுத்தது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு அரசு உறுதியளித்தபடி மாற்று இடம் தரச் சொன்னது. ஆனால் அதைச் செய்தால்தான் அகற்றலாம் என்று நிபந்தனை வைக்கவில்லை.

இந்தத் தவறு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். வாழ்வாதாரமும் அரசமைப்பின் ஷரத்து 21 காக்கும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்ன தீர்ப்பு இது. அந்தப் பகுதி உள்ளத்தைத் தொடும். பிழைக்க வழியில்லாமல் மனிதன் வாழ முடியாது, வழியைப் பறித்தால் உயிரையே பறித்த மாதிரி என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறவர்களுக்கு, இவ்வளவு சொன்னவர்கள் குடிசையைப் பிரிக்க விட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றும். அதனால்தான் மாணவர்களிடம் கடைசிப் பத்தியை முதலில் படிக்கச் சொல்வேன். உத்தரவு அங்கேதான் இருக்கும். யாருக்கு என்ன கிடைத்தது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் தலையிலிருந்து படிக்கலாம்.

மனுதாரர்கள் எல்லோரையும் நடைபாதைவாசிகள் என்று எழுதியிருப்பதும் சறுக்கல்தான். ஓல்கா டெல்லிஸ் பத்திரிகையாளர்.

சரி, உண்மைத் தகவலில் சறுக்கினால் தர்க்கத்தில் என்ன ஆகும்? முடிவைத் தப்பாகப் பிடித்துக்கொண்டதால் அந்த முடிவுக்கு இட்டுச் செல்லும் பாலமே கட்டுரையில் காணோம். வாழ்வாதாரம் அடிப்படை உரிமை, எனவே அப்புறப்படுத்தக் கூடாது என்று ஒரே தாண்டு. தீர்ப்பின் வழி வேறு. ஷரத்து 21 உயிரைப் பறிக்கவே கூடாது என்று சொல்வதில்லை. சட்டம் வகுத்த நடைமுறைப்படி பறிக்கலாம் என்கிறது. அந்த நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்பது 1978இல் மேனகா காந்தி வழக்கு தந்த விளக்கம். ஆக, வாழ்வாதாரத்தை உள்ளே கொண்டுவந்த உடனே கேள்வி மாறிவிடுகிறது: பிரிவு 314 சொல்லும் நடைமுறை நியாயமானதா?

அந்தப் பிரிவு, முன்னறிவிப்பு இல்லாமலே ஆக்கிரமிப்பை அகற்றலாம் என்கிறது. நோட்டீஸ் கொடுக்காதே என்று அது கட்டளையிடவில்லை, கொடுக்காமலும் இருக்கலாம் என்று ஆணையரின் விருப்பத்துக்கு விடுகிறது, அவ்வளவுதான் என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. சாதாரணமாக நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டே ஆக வேண்டும். அவசரமான, விதிவிலக்கான நேரத்தில் மட்டும் விடலாம். இப்படிப் படித்ததால்தான் பிரிவு தப்பித்தது. இந்த ஒரு படியை விட்டுவிட்டு இந்தத் தீர்ப்பை விளக்கவே முடியாது. கட்டுரையில் பிரிவு 314 என்ற எண் ஒரே ஒரு இடத்தில், அதுவும் அடைப்புக்குறிக்குள் வருகிறது!

அடுத்தது விமர்சனப் பார்வை. "ஏழைகள் விஷயத்தில் நீதிமன்றம் இன்னும் பரிவு காட்டியிருக்கலாம்" என்று கடைசியில் ஒரு வரி. அது ஆதங்கம். தீர்ப்பை விமர்சிப்பதென்றால் அதன் தர்க்கத்தில் எந்தப் படி ஆடுகிறது என்று கையை வைத்துக் காட்ட வேண்டும். இந்தத் தீர்ப்பில் அப்படி ஆடும் படி உண்டு. நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று சொன்ன அதே நீதிமன்றம், இவர்களுக்கு ஆணையர் விசாரணையே தரவில்லை என்பதையும் ஒத்துக்கொண்டது. வழக்கமாக, போய் விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்போம் என்றும் சொன்னது. பிறகு, ஆணையர் மறுத்த வாய்ப்பை நாங்களே தாராளமாகக் கொடுத்துவிட்டோம், இரு தரப்பும் இங்கே விரிவாக வாதாடியாகிவிட்டது என்று சொல்லி முடித்துவிட்டது.

கட்டுரையாளர் நிற்க வேண்டிய இடம் இதுதான். உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் பொதுவாக வாதாடுவதும், ஒரு குடிசைக்காரர் ஆணையர் முன் நின்று 'நான் இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன், இதோ என் 1976 அட்டை, என் குடிசை நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லை' என்று சொல்வதும் ஒன்றாகுமா? வழக்குக்கே வராத நடைபாதைவாசிக்கு எந்த விசாரணை கிடைத்தது? இப்படிக் கேட்டால் அது விமர்சனம். நீதிமன்றத்தின் பக்கத்தையும் எடுத்து வைக்க வேண்டும்: மறுக்க முடியாத உண்மைகள் ஒரே முடிவுக்குத்தான் இடம் கொடுக்கும் என்றால், மறுபடி விசாரிக்கச் சொல்வது வீண் சடங்கு என்று வாதிடலாம். நடைபாதை பொது இடம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. எனக்கென்னவோ அந்தப் பதில் போதவில்லை; என் சக ஆசிரியர் ஒருவர் போதும் என்கிறார். கட்டுரையாளர் எந்தப் பக்கம் நின்றாலும் எனக்குச் சம்மதம். காரணம் சொல்லிவிட்டு நிற்கட்டும்.

ஒன்றை மட்டும் பாராட்டாமல் விட முடியாது. நடைபாதையில் குடிசை போட அடிப்படை உரிமை கேட்கவில்லை என்று மனுதாரர் தரப்பு ஏற்கெனவே உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. அதை வைத்து வாயை அடைக்க முடியாது, முன்பு ஒப்புக்கொண்டதைக் காட்டி ஒருவரைத் தடுக்கும் முரண்தடை அரசமைப்புக்கு எதிராகக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கட்டுரையாளர் எடுத்து, அது ஏன் சரி என்று அரைப் பக்கத்தில் சொந்தமாக விளக்கியிருக்கிறார். பலர் இந்தப் பகுதியைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த அரைப் பக்கத்துக்கு என் மாணவராக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், 'தடுத்து நிறுத்தியது' என்ற சொல்லை எடுத்துவிட்டு அக்டோபர் 31 என்ற தேதியைப் போடுங்கள். தீர்ப்பு வந்தது ஜூலை 10. நடைபாதையில் இருந்தவர்களுக்குக் கைக்குக் கிடைத்தது ஏறக்குறைய 16 வாரம்.

இப்படிக்கு,
சட்ட ஆசிரியர் ஒருவர்