பாப்பாவின் பிறந்தநாளை இங்கேயே வைத்துக்கொள்ளலாம்

அன்புள்ள தேவிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் போட்டால் "வேலையா இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கிள்ளானில் மண்டபம் பார்க்கிறீர்கள், 150 பேரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று சின்னவன் சொன்னான். சந்தோஷம்தான். ஆனாலும் பாப்பாவின் பிறந்தநாளை இங்கே சுங்கை சிப்புட்டில், நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன?

மண்டபம் என்றால் ராத்திரிதான். 7 மணிக்குக் கூப்பிட்டால் 8 மணிக்கு வருவார்கள். அந்த நேரத்தில் பாப்பாவுக்குக் கண் சொருகிவிடும். முகம் தெரியாத ஆட்கள் ஆளுக்கொரு கையாக வாங்கினால் வீறிட்டு அழுவாள். இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான். காலையில் 9 மணிக்கு ஒரு குட்டித் தூக்கம், மத்தியானம் 2 மணிக்கு ஒன்று என்று நீதானே சொன்னாய்? 9 மணிக்குத் தூங்கட்டும். எழுந்ததும் பால் கொடுத்து, சட்டை மாற்றி, 10.30க்கு ஆட்களை வரச் சொல்வோம். 11 மணிக்குள் கேக்கை வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் படத்தில் சிரித்த முகமாக இருப்பாள். 1 மணிக்கு எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பினால் அடுத்த தூக்கமும் கெடாது.

காலையில் வைப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. அக்டோபரில் இங்கே மழை பெரும்பாலும் சாயங்காலம்தான் இடியோடு கொட்டும். காலையில் வைத்தால் கூடாரம் எடுக்க வேண்டாம், அஞ்சடியும் மாமரத்து நிழலும் போதும். நாற்காலி பக்கத்து வீடுகளில் வாங்கிக்கொள்ளலாம்.

30 பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மீகூன் 6 பாக்கெட், 400 கிராம் பாக்கெட் ஒன்று 5 பேருக்கு வரும். பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். சுடுதண்ணீரில் போட்டால் சட்டியில் குழைந்துவிடும். ஒரு தடவைக்கு இரண்டு பாக்கெட்டுக்கு மேல் பிரட்டக் கூடாது, அடியில் இருப்பது காய்கிறதற்குள் மேலே இருப்பது கட்டிக்கொள்ளும். கூட 4 கிலோ கோழி சம்பல், ஒரு கிலோ கொண்டைக்கடலைச் சுண்டல், சிராப் தண்ணி. நாசி லெமாக் வேண்டாம், தேங்காய்ப்பால் இந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் கெட்டுவிடும். நான் 7 மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் 10 மணிக்குள் முடித்துவிடுவேன். வீட்டில் செய்து விற்கிறவர்களிடம் 2 கிலோ கேக் சொன்னால் ஆளுக்கொரு சின்னத் துண்டு வரும். கேக்கையும் சேர்த்து 300 வெள்ளிக்குள் அடங்கும்.

பாப்பாவுக்குக் காரமும் உப்பும் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவிடுவேன். சுண்டல், கச்சான், முறுக்கு, முழுத் திராட்சை எதுவும் அவள் கைக்கு எட்டக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். திராட்சை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடு. பலூனும் வேண்டாம்மா. வெடித்த துண்டு தரையில் கிடந்தால் நேரே வாய்க்குத்தான் போகும், தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சு வராது. வண்ணக் காகிதத் தோரணம் கட்டலாம், அப்பாவே வெட்டித் தருவதாகச் சொல்கிறார்.

நம் குடும்பத்தில் முதலில் டிப்ளோமா முடித்தவள் நீ. தோட்டத்தில் இருந்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிக் கேட்பார்கள், எனக்கு அது பெருமை. அந்தப் படிப்புக்கு வீட்டுக் கணக்கு தெரியாமலா இருக்கும்? அத்தை வீட்டில் மண்டபம் எடுத்தார்கள் என்பதற்காக நீயும் எடுக்க வேண்டுமா? போன வாரம் வீடியோவில் பாப்பாவைத் தூக்கிக் காட்டினாய். உன் வலது கையைப் பார்த்தேன். பாட்டி போட்ட வளையல், குளிக்கும்போதுகூட நீ கழற்றியதில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் வேலை பற்றியும் கேட்கவில்லை. அவர் நல்ல பிள்ளை, முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். வீட்டிலேயே வைத்துக்கொள், கண்ணு.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வந்துவிடுங்கள். ஒரு ராத்திரி இங்கே தூங்கி எழுந்தால் இடம் அவளுக்குப் பழகிவிடும். மீகூனும் கடலையும் இப்போதே வாங்கி வைக்கிறேன், கோழியை அன்று காலையில் பசாரில் எடுத்துக்கொள்ளலாம். நீ வெறுங்கையோடு வந்தால் போதும், சாமான் எதுவும் தூக்கி வராதே.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா இல்லையா என்பதை மட்டும் இன்றைக்குள் சொல்லிவிடு. கட்டியிருந்தாலும் பரவாயில்லை, திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம்.

அம்மா