வருகைத் தாளின் வெற்றுக் கட்டங்கள்: பினாங்கு வார இறுதி வகுப்பு ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

பிறையிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் அனுப்பும் எக்செல் வருகைத் தாள்களை ஒன்று சேர்ப்பவன் நான். போன கூட்டத்தில் முழு வருகைக்கான பரிசுப் பட்டியலை வாசித்தபோது, ஓர் ஆசிரியை கையைத் தூக்கி, "அந்தப் பையன் ஜொகூருக்குப் போய் ஒரு மாதம் ஆச்சே தம்பி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து தாளை மறுபடி திறந்து பார்த்தேன்.

அந்தப் பையன் படித்த மையத்தில் 24 பிள்ளைகள், 10 சனிக்கிழமைகள், கணிதம், அறிவியல் என்று இரண்டு பாடங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பத்தி. வந்தால் 1, வராவிட்டால் 0. வகுப்பில் நின்றுகொண்டு குறிக்க இதைவிட வசதியான வடிவம் இல்லை, அதை மாற்றச் சொல்லவும் மாட்டேன். ஆனால் எல்லா மையத்தையும் சேர்த்து எண்ணுவதற்கு எனக்கு வேண்டியது நீளமான தாள்: ஒரு பிள்ளை, ஒரு வகுப்பு, ஒரு வரி.

```
எண்,பாடம்,தேதி,நிலை
07,கணிதம்,2025-05-03,1
07,அறிவியல்,2025-05-03,0
```

தேதியும் பாடமும் உங்கள் தாளில் தலைப்பாக இருக்கின்றன. உண்மையில் அவையும் தகவல்தான், எனவே தங்களுக்கென்று ஒரு பத்தி வேண்டும். ஹேட்லி விக்கம் என்ற புள்ளியியலாளர் 2014-இல் எழுதிய 'டைடி டேட்டா' கட்டுரையின் அடிப்படை இதுதான்.

இப்படி மாற்ற எக்செலின் `Power Query`-இல் பிள்ளையின் எண் பத்தியைத் தேர்ந்தெடுத்து `Unpivot Other Columns` கொடுத்தால் போதும். 24 பிள்ளைகளுக்கு 20 வகுப்பு, ஆக 480 வரி வரவேண்டும். வந்தது 473. ஏழுதானே என்று விட்டிருப்பேன். ஆனால் கூட்டினால் 808 வருகை காட்டியது. 473 வரியில் 808 பேர் எப்படி வர முடியும்?

காரணம் கடைசியில் இருந்த 'மொத்தம்' பத்தி. அதுவும் ஒரு வகுப்பைப் போல 24 வரியாக விரிந்து, வருகையை இரட்டிப்பாக்கிவிட்டது. அதை நீக்கினேன்: 404 வருகை, 449 வரி. இப்போது 31 வரி குறைந்தது! வெற்றுக் கட்டங்களை `Unpivot` சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். ஒரு சனிக்கிழமை கணித வகுப்பு நடக்கவில்லை, அந்தப் பத்தி முழுக்க 24 வெற்றுக் கட்டம். மொத்தத்தால் கூடிய 24-ம் இதனால் குறைந்த 24-ம் ஒன்றையொன்று மறைத்துவிட்டன.

மீதி ஏழும் ஜொகூர் பையனுடையவை. முதல் ஆறு வாரம் ஒன்றுவிடாமல் வந்தான், 12 வகுப்பு. அப்புறம் நடந்த ஏழிலும் அவன் கட்டம் காலி. அந்த வரிகள் காணாமல் போனதால் 12-க்கு 12 என்று நூறு சதவீதம். நடந்த 19 வகுப்புக்குக் கணக்கிட்டால் 63 சதவீதம்தான். அதுவும் நியாயமில்லை, அவன் மட்டம் போடவில்லை, ஊரையே மாற்றிவிட்டான்.

ஆக, வெற்றுக் கட்டம் ஒன்று, அர்த்தம் மூன்று: வகுப்பு நடக்கவில்லை, பிள்ளை விலகிவிட்டது, குறிக்க மறந்துவிட்டோம். முதலாவது வகுப்பைப் பற்றியது, இரண்டாவது பிள்ளையைப் பற்றியது. இரண்டுக்கும் வருகைத் தாளில் இடமில்லை. எனவே அதே கோப்பில் இரண்டு சின்னத் தாள்கள் சேருங்கள். ஒன்றில் பிள்ளையின் எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி. இன்னொன்றில் பாடம், தேதி, நடந்ததா இல்லையா. இவற்றோடு ஒப்பிட்ட பிறகும் காரணம் தெரியாத வெற்றுக் கட்டம் இருந்தால், அது குறிக்க மறந்தது. அதற்கு மட்டும் உங்களுக்குப் போன் அடிப்பேன்.

என் பக்கம் நான் செய்வது: விரிப்பதற்கு முன், வெற்றுக் கட்டத்தில் தெரியும் `null`-ஐ `Replace Values` மூலம் 'காலி' என்று மாற்றிவிடுகிறேன். பத்திகளை முதலில் எழுத்து வகைக்கு மாற்ற வேண்டும், எண் வகையில் அந்தச் சொல் ஏறாது. பிறகு 480 வந்ததா என்று பெருக்கிப் பார்க்கிறேன்.

உங்கள் பக்கம் இன்னும் இரண்டு. 'கணிதம்' என்று பத்து கட்டங்களை இணைத்து மேலே ஒரு தலைப்பு போடாதீர்கள், அந்தச் சொல் முதல் கட்டத்தில் மட்டுமே நிற்கும், மற்ற ஒன்பதும் எந்தப் பாடம் என்று தெரியாது. ஒவ்வொரு பத்திக்கும் `கணிதம்|2025-05-03` என்று ஒரே வரியில் தலைப்பு கொடுங்கள், அந்தக் கோட்டில் நான் பிரித்துக்கொள்வேன். 'மொத்தம்' வேண்டுமென்றால் தனித் தாளில் போடுங்கள். தாமதமாக வந்தவர்களுக்கு மஞ்சள் அடிக்கிறீர்களே, அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வண்ணம் எனக்கு வந்து சேர்வதில்லை. 'தாமதம்' முக்கியமென்றால் 1-க்குப் பதில் 'தா' என்று எழுதுங்கள்.

மாதிரிக் கோப்பை இத்துடன் அனுப்புகிறேன். அடுத்த மாதத் தாளை அதில் நிரப்பித் தாருங்கள். பரிசுப் பட்டியலைத் திருத்திவிட்டேன், அந்த ஆசிரியைக்கு நன்றி.

அன்புடன்,
வருகைக் கணக்கு பார்க்கும் தம்பி