முதலாமாண்டு இயற்பியல் மாணவர்களுக்குத் தமிழ் – ஆங்கிலக் கலைச்சொற் கையேடு வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
பணி நிறைவு பெற்ற முதுகலை ஆசிரியர் (இயற்பியல்),
பல்லடம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்:
கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கோயம்புத்தூர் மண்டலம், கோயம்புத்தூர்.

பொருள்: தமிழ்வழியில் மேல்நிலைக் கல்வி முடித்து, ஆங்கிலவழி இளம் அறிவியல் இயற்பியல் வகுப்பில் சேரும் மாணவர்களுக்கு முதல் பருவத்துக்கான இருமொழிக் கலைச்சொற் கையேடு தயாரித்து வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குத் தமிழ்வழியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என்னிடம் படித்துக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள் சிலர் இன்றும் மாலை வேளைகளில் வீட்டுக்கு வந்து சந்தேகம் கேட்பார்கள். அவர்கள் காட்டிய விடைத்தாள்களைப் பார்த்த பிறகே இம்மனுவை எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, கல்லூரியில் எழுதிய முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாளைக் கொண்டுவந்தார். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். பள்ளியில் என் வகுப்பில் இயற்பியலில் முன்னணியில் இருந்தவர். தேர்வில் வந்த கணக்கு எளிதானது. கிடைத்தளத்துடன் 30 பாகை சாய்ந்த சொரசொரப்பான தளத்தில் 5 கிலோகிராம் நிறையுள்ள பொருள் வைக்கப்பட்டிருக்கிறது. உராய்வுக் குணகம் 0.2 எனில் 'நார்மல் ரியாக்‌ஷன்' எவ்வளவு, உராய்வு விசையின் பெரும மதிப்பு எவ்வளவு என்பது கேள்வி. அவர் 5-ஐ 9.8-ஆல் பெருக்கி 49 நியூட்டன் என்றும், அதை 0.2-ஆல் பெருக்கி 9.8 நியூட்டன் என்றும் எழுதியிருந்தார். இரண்டும் தவறு. விசையைக் கூறுகளாகப் பிரிக்கத் தெரியவில்லை என்று திருத்தியவர் ஓரத்தில் குறித்திருந்தார்.

ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "நார்மல்னா சாதாரணமா இருக்கறதுதானுங்க சார்? அதான் சாதாரணமா அந்தப் பொருளோட எடை எவ்வளவோ அதைப் போட்டேன்" என்றார். அதே கணக்கைத் தமிழில் சொல்லி, தளம் அந்தப் பொருளின் மீது செலுத்தும் செங்குத்து விசை எவ்வளவு என்று கேட்டேன். படம் வரைந்து, எடையை இரண்டு கூறுகளாகப் பிரித்து, mg cos 30° என்று எழுதி, 42.4 நியூட்டன் என்றும் உராய்வு விசை ஏறத்தாழ 8.5 நியூட்டன் என்றும் அடித்தல் திருத்தலின்றிப் போட்டு முடித்தார். திருத்திய பேராசிரியரை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்த தாளில் இயற்பியல் பிழைதான் தெரியும். அதன் அடியில் இருந்தது சொற்பிழை என்பதை அந்தத் தாளிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை.

தங்கள் கவனத்துக்கு நான் முக்கியமாகக் கொண்டுவர விரும்புவது இதுதான். மாணவருக்கு முற்றிலும் தெரியாத சொல் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அதைக் கண்டதும் நின்று பக்கத்தில் இருப்பவரையாவது கேட்டுவிடுகிறார். ஏற்கெனவே வேறொரு பொருளில் தெரிந்த சொல்லில்தான் அவர் கேள்வியே கேட்காமல் விழுந்துவிடுகிறார். 'நார்மல்' என்பது இயக்கவியலில் செங்குத்து விசையைக் குறிக்கும். பகுமுறை வடிவியலில் செங்கோடு. புள்ளியியலில் இயல்நிலைப் பரவல். வீட்டிலும் மருத்துவமனையிலும் அது 'சாதாரணம்'.

'பவர்' என்ற சொல்லில் நம் பகுதிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பல்லடத்திலும் சோமனூரிலும் 'பவர்லூம்' என்றால் விசைத்தறி. ஆகவே 'பவர்' என்றால் விசை என்பது பிறந்தது முதல் கேட்டு மனத்தில் பதிந்த பொருள். இயற்பியலிலோ விசை என்பது 'ஃபோர்ஸ்'. 'பவர்' என்பது திறன், அதாவது ஓரலகு காலத்தில் செய்யப்படும் வேலை. கிணற்று மோட்டாருக்கு ஐந்து குதிரைத்திறன் என்று அதே பிள்ளையின் தாத்தா சரியாகத்தான் சொல்கிறார். அது ஏறத்தாழ 3,730 வாட். கணிதத்தில் 'பவர்' என்றால் அடுக்கு. ஊரில் மின்சாரம் நின்றால் அதுவும் 'பவர் கட்'. இத்தனைக்கும் நடுவில், அகராதி முறையில் 'பவர் – திறன்' என்று ஒற்றை வரி போட்டுக் கொடுத்தால் மாணவருக்குப் பயன் சிறிதுதான். தறியின் பெயரில் உள்ள விசை இயற்பியல் பாடத்தின் விசை அன்று என்று அந்த இடத்திலேயே எச்சரிக்க வேண்டும்.

இன்னும் நுட்பமாக ஏமாற்றுவது 'ஸ்ட்ரெஸ்'. பள்ளியில் தகைவு என்று படித்ததை இங்கே 'ஸ்ட்ரெஸ்' என்கிறார்கள். மன அழுத்தம் என்ற பொருளில் அச்சொல் எல்லோர் வாயிலும் இருப்பதால், பிள்ளைகள் அதை அழுத்தம் என்றே கொண்டு 'பிரஷர்' உடன் கலந்துவிடுகிறார்கள். பொதுவாக அலகைப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும். இங்கே தகைவுக்கும் அழுத்தத்துக்கும் அலகு ஒன்றே, பாஸ்கல். அதனால் விடையின் அலகு சரியாக வந்து, கருத்து மட்டும் தவறாகவே நிலைத்துவிடுகிறது.

காதில் விழும் சொல்லும் ஏட்டில் உள்ள சொல்லும் பொருந்தாமல் போவது அடுத்த இடர்ப்பாடு. போலி விசையை விரிவுரையாளர் 'ஸ்யூடோ ஃபோர்ஸ்' என்று சொல்லும்போது, அந்த ஆங்கிலச் சொல் ஒலிக்காத 'பி' எழுத்தில் தொடங்குகிறது என்று மாணவர் எப்படி அறிவார்? ஒலிப்படி 'எஸ்' வரிசையில் தேடிக் காணாமல் புத்தகத்தை மூடிவிடுகிறார். ஆகவே ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் அதன் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் தருவது இன்றியமையாதது என்று கருதுகிறேன். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். முதல் மாத வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கலைச்சொல் தொகுப்புகளே நம்மிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தொகுப்பும் அரசின் சொற்குவைத் தளமும் இருக்கின்றன. கோவையிலிருந்தே ஜி.ஆர். தாமோதரன் அவர்கள் 'கலைக்கதிர்' இதழை நடத்தி அறிவியலைத் தமிழில் எழுதிக்காட்டிய மண் இது. பள்ளிப் பாடநூல்களின் இறுதியிலும் கலைச்சொற் பட்டியல் உண்டு; ஆனால் கல்லூரி திறக்கும் நேரத்தில் அந்த நூல்கள் பழைய புத்தகக் கடைக்கோ பக்கத்து வீட்டுத் தம்பிக்கோ போய்விடுகின்றன. பெருந்தொகுப்புகளில் ஒரு சொல்லைத் தேடினால் நான்கைந்து தமிழ்ச் சொற்கள் வரும். அவற்றுள் தான் படித்தது எது, இந்தப் பாடத்துக்கு உரியது எது என்று முதலாமாண்டு மாணவரால் தேர்ந்துகொள்ள முடிவதில்லை.

எனவே நான் கோருவது அகராதி அன்று. பாடப்பகுதி வரிசையில் அமைந்த சிறு கையேடு. முதல் பருவ இயற்பியலுக்கும் துணைப்பாடக் கணிதத்துக்கும் சேர்த்து முந்நூறு சொற்களுக்கு மேல் வேண்டாம். சொல்லைத் தேர்ந்தெடுக்கப் பாடத்திட்டத்தை மட்டும் பார்க்காமல், முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களையும் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குரிய தமிழ்ச் சொல்லைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. மாநிலப் பாடத்திட்டத்தின் மேல்நிலை நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாட வரிசையில் இருப்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே இணைச்சொல் கிடைத்துவிடும்.

சில இடங்களில் பள்ளி நூல்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு. 'வேரியன்ஸ்' என்பது பத்தாம் வகுப்பில் விலக்க வர்க்கச் சராசரி. பன்னிரண்டாம் வகுப்பில் பரவற்படி. இப்படிப்பட்ட இடத்தில் கடைசியாகப் படித்த சொல்லை முதலில் தந்து, மற்றதை அடுத்துக் குறிப்பதே சரி. எது நல்ல தமிழ் என்ற விவாதத்தை இந்தக் கையேட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். பள்ளியில் வராத கருத்துக்கு ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி, ஒரு வரி விளக்கம் தந்தால் போதும்.

பெயர்ச்சொற்களோடு நின்றுவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். 'டிரைவ்' என்றால் வருவி, 'ரெஸ்பெக்டிவ்லி' என்றால் முறையே என்பன போன்ற வினாச் சொற்களை எந்தக் கலைச்சொல் தொகுப்பும் சேர்ப்பதில்லை. ஏனெனில் அவை கலைச்சொற்களே அல்ல. ஆனால் ஒரு கோவையை வருவித்து, 'ஹென்ஸ்' இன்னொன்றைக் காண்க என்ற வினாவில், முதல் விடையைக் கொண்டே இரண்டாவதைப் பெற வேண்டும் என்பது புரியாமல், அதைத் தனிக் கேள்வியாக எண்ணி மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, நேரம் போதாமல் விட்டுவந்த விடைத்தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, தங்கள் மண்டலத்துக்கு உட்பட்ட அரசுக் கல்லூரிகளின் இயற்பியல், கணிதப் பேராசிரியர்கள் சிலரையும், தமிழ்வழியில் கற்பிக்கும் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர்கள் சிலரையும் ஒரே குழுவாக அமைத்து, அடுத்த கல்வியாண்டின் சேர்க்கைக்கு முன் இக்கையேட்டைத் தயாரிக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளி ஆசிரியர்களை விட்டுவிட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள். மாணவர் எந்தச் சொல்லோடு வருகிறார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அச்சிட்ட படியைச் சேர்க்கையின்போதே கொடுத்து, வகுப்பு தொடங்கும் முன் நடைபெறும் இணைப்புப் பாட நாட்களில் அதைப் பயன்படுத்தவும், முதல் பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் எழுத்துக் குறிப்பு எதுவும் இல்லாத படியை மாணவர் வைத்துக்கொள்ளவும் கல்லூரி முதல்வர்களுக்கு அறிவுறுத்துமாறும் வேண்டுகிறேன். பல்கலைக்கழகத் தேர்வில் இத்தகைய சலுகை எதையும் நான் கோரவில்லை.

சாய்தளம், உராய்வு, மீட்சிப் பண்பு ஆகிய பகுதிகளுக்கு நானே எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவரும் மாதிரிப் பக்கங்களை இத்துடன் இணைத்துள்ளேன். அவற்றில் திருத்த வேண்டியவை இருக்கும்; குழு அமைந்தால் ஊதியம் எதிர்பாராமல் வந்து பணியாற்றவும் தயாராக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பணி நிறைவு பெற்ற முதுகலை ஆசிரியர் (இயற்பியல்)

இடம்: பல்லடம்
இணைப்பு: மாதிரிக் கையேட்டுப் பக்கங்கள்