சம்பந்திக்கு ஒரு படம்

அன்புள்ள செந்திலுக்கு,

சம்பந்தி பாதிப் படத்தில் எழுந்து அறைக்குப் போய்விடுகிறார், என்ன படம் போடுவது என்று நாலு வரி எழுதியிருந்தாய். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. போகட்டும், கேட்டதற்குச் சொல்கிறேன்.

நீ போட்ட இரண்டு படங்களிலும் பிள்ளைகள் பெற்றவர்களை விரட்டுகிறார்கள், பெற்றவர்கள் அழுகிறார்கள், கடைசியில் எல்லோரும் காலில் விழுகிறார்கள். மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கிற மனுஷர் அதைப் பார்த்தால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கமாட்டாரா? அவர் எழுந்து போனது சரிதான்.

எந்தப் படமானாலும் முதல் இருபது நிமிஷத்தை நீ தனியாகப் பார். படத்தில் வருகிற பெரியவர் தானாக ஒரு முடிவாவது எடுக்கிறாரா? சிரிப்பு எதற்கு வருகிறது? அவர் சொல்லும் பேச்சுக்கு வந்தால் நல்லது. போனை இயக்கத் தெரியாமல் திண்டாடுவதற்கு வந்தால் அந்தப் படத்தை விட்டுவிடு. கண்ணாடி போட்டுக்கொண்டு குத்தாட்டம் ஆடி இளமை திரும்பிவிட்டதாகக் காட்டுகிற படமும் வேண்டாம். வயசாவதே குற்றம் என்று அது சொல்லாமல் சொல்கிறது.

முதலில் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' போடு. டேவிட் லிஞ்ச் எடுத்தது, 1999. உண்மையில் நடந்த கதை. ஆல்வின் ஸ்ட்ரெய்ட்டுக்கு 73 வயசு. பார்வை மங்கியதால் கார் ஓட்டமுடியாது. பல வருஷம் பேசாமல் இருந்த அண்ணனுக்குப் பக்கவாதம் என்று தெரிந்ததும், புல்வெட்டும் வண்டியில் ஏறி, அயோவாவிலிருந்து விஸ்கான்சினுக்கு ஏறக்குறைய 390 கிலோமீட்டர் போகிறார். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான படம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆரம்பத்தில் ஆல்வின் சமையலறையில் விழுந்துவிடுகிறார். நடப்பதற்கு வாக்கர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார் டாக்டர். வேண்டாம், இன்னொரு கைத்தடி வைத்துக்கொள்கிறேன் என்கிறார் ஆல்வின். படம் முழுக்க இரண்டு தடியோடுதான் நடக்கிறார். பிடிவாதம் என்று படம் அவரைக் கேலி செய்யவில்லை, பாவம் என்றும் உருகவில்லை. வழியில் ஒரு வீட்டில் போன் கேட்கிறார். உள்ளே வரச் சொன்னாலும் போகமாட்டார், வெளியிலேயே நின்று பேசிவிட்டு, பேசியதற்குப் பணத்தை வைத்துவிட்டு வருகிறார். வண்டியைப் பழுதுபார்த்தவர்களிடம் கணக்குப் பார்த்துப் பேரம் பேசுகிறார். அடுத்தவர் வீட்டில் இருக்கும்போது சம்பந்திக்கு இந்தக் காட்சிகள் புரியும்.

ஒரு எச்சரிக்கை. படம் மெதுவாகப் போகும், வயல், ரோடு, வயல் என்று. பதினைந்து நிமிஷத்தில் "போரடிக்கிறதா மாமா?" என்று கேட்டுவிடாதே. நீ கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். ஆங்கிலம் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுவை, எழுத்தைப் பெரிதாக்கு. வயசானவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடி, பேச்சு அப்படியே அமுங்கிவிடும். டிவியில் பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பு இருந்தால் அதைத் தேடி வை. "உங்களுக்காகத்தான் எடுத்தேன்" என்று சொல்லவே சொல்லாதே. இரண்டு படம் சொல்லி, எது என்று அவரைக் கேள்.

இரண்டாவதாக மதுமிதா எடுத்த 'கே.டி.' சொல்லலாம், 2019. எண்பது வயசு கருப்புதுரையும் எட்டு வயசுப் பையனும். பையன் அவரைப் பெரியவர் என்று கும்பிடுவதில்லை, சரிக்குச் சரி மல்லுக்கட்டுகிறான். அதனால்தான் அந்த நட்பு நம்பும்படி இருக்கிறது. ஆனால் படுக்கையில் கிடக்கும் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வீட்டாரே சாகடிக்கிற தலைக்கூத்தல் பற்றி அவர் வீட்டார் பேசுவதில்தான் படம் தொடங்கும். அதை முன்கூட்டியே சொல்லிவிடு, திடீரென்று வந்தால் தாங்காது. நோயில் படுத்துவிட்ட மனைவியை வயசான கணவர் பார்த்துக்கொள்கிற 'ஆமோர்' இப்போது வேண்டாம். மிகச் சிறந்த படம்தான். ஆனால் சம்பந்தியம்மா படுத்திருந்து போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அவரிடம் கேள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. உன் தாத்தாவுக்குக் கடைசி நாலு வருஷம் நான் பக்திப் படமாகத்தான் போட்டேன். வேறு என்ன பார்ப்பார் என்று நானே முடிவு செய்துவிட்டேன். அவர் போன பிறகு பழைய டைரியை எடுத்துப் பார்த்தால், சின்ன வயசில் தியேட்டரில் பார்த்த சண்டைப் படங்களை ஒவ்வொன்றாகத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் படம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன், அப்பாவிடம் கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததைத் தூக்கம் என்று நினைத்தேன்.

நீ அப்படி இல்லை, கடிதம் போட்டாவது கேட்கிறாய். காயத்ரிக்கு நல்ல துணை நீ. இருந்தாலும் தீபாவளிக்கு ஒரு போன் செய்திருக்கலாம்.

சம்பந்தியைத் தனியாக உட்காரவைக்காதே, நீயும் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரை பார். 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'யின் கடைசியில் அண்ணனும் தம்பியும் வீட்டு வாசலில் உட்காருவார்கள், அதிகம் பேசமாட்டார்கள். அந்த இடத்தில் எழுந்துபோய் விளக்கைப் போடாதே.

இதே படத்தை உன் அண்ணனுக்கும் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். வேறு ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
அப்பா