பள்ளித் தரவுத்தளத்துக்கான வரைபடப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாணவர், வகுப்பு, ஆசிரியர் விவரங்களைக் கணினியில் ஏற்றுவதற்கு முன்பு எந்தெந்த விவரங்களை வைக்கிறோம், அவற்றுக்குள் என்ன உறவு என்று காட்டும் ஈ.ஆர். வரைபடத்தைத் தயாரிக்கும்படி எங்கள் மூவர் குழுவிடம் சொல்லியிருந்தீர்கள். அந்த வேலை முடிந்துவிட்டது. பீட்டர் சென் 1976இல் முன்வைத்த முறையை அடிப்படையாக வைத்து வரைந்திருக்கிறோம். அவர் உறவுகளுக்குச் சாய்சதுரம் போடுவார். நாங்கள் பெட்டிகளையும் காக்கைக்கால் கோடுகளையும் மட்டும் வைத்துக்கொண்டோம். கோட்டின் முனை மூன்றாகப் பிரிந்திருந்தால் அந்தப் பக்கம் 'பல' என்று பொருள்.

முதல் வரைபடத்தில் மூன்றே பெட்டிகள். ஒரு வகுப்பில் பல மாணவர்கள் என்று ஒரு கோடு, ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று இன்னொரு கோடு. பார்த்தவர்கள் எல்லோரும் சரி என்றார்கள். அப்புறம் பழைய பதிவேடுகளை எடுத்து, அலுவலகத்தில் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைப் படத்திடம் கேட்டுப் பார்த்தோம். 'போன வருஷம் ஏழாம் வகுப்பு அ பிரிவில் யார் யார் படித்தார்கள்?' என்ற கேள்வியிலேயே படம் நின்றுவிட்டது. மாணவர் பெட்டிக்குள் 'வகுப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒவ்வொரு ஜூனிலும் 7 என்பதை அழித்து 8 என்று எழுதினால், அந்தப் பிள்ளை ஏழாம் வகுப்பில் படித்த தடமே இருக்காது. படிப்புச் சான்றிதழ் கேட்டு வரும் பழைய மாணவருக்கு மறுபடியும் காகிதக் கட்டுகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.

'வகுப்பு' என்ற சொல்லை நாம் பல பொருளில் புழங்குவதுதான் இதற்குக் காரணம். ஏழாம் வகுப்பு என்பது படிநிலையாகவும் இருக்கலாம், அ பிரிவாகவும் இருக்கலாம், இந்த ஆண்டு அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கூட்டமாகவும் இருக்கலாம். கடைசிப் பொருளை எடுத்துக்கொண்டோம். ஆண்டு, படிநிலை, பிரிவு மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வகுப்பு. ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்புகள் பதிவாகும், பழையவை அப்படியே இருக்கும்.

இப்படி மாற்றியதும் கோட்டின் இரு முனையிலும் காக்கைக்கால் வந்துவிட்டது. ஒரு மாணவர் ஆண்டுகள் போகப் போகப் பல வகுப்புகளில் இருப்பார், ஒரு வகுப்பிலும் பல மாணவர்கள் இருப்பார்கள். இரு பக்கமும் 'பல' என்றால் அதை அப்படியே அட்டவணையாக்க முடியாது, நடுவில் ஒரு பெட்டி வேண்டும். அதற்கு 'வகுப்புப் பதிவு' என்று பெயர் வைத்தோம். வருகைப் பதிவேட்டு வரிசை எண் முன்பு மாணவர் பெட்டியில் இருந்தது, இப்போது இங்கே வந்துவிட்டது. வகுப்பு மாறினால் மாறும் விவரம் பதிவுக்கு, மாறாதது மாணவருக்கு என்று பார்த்தால் குழப்பமில்லை. பிறந்த தேதி மாறாது, வரிசை எண் மாறும்.

செப்டம்பரில் அ பிரிவிலிருந்து ஆ பிரிவுக்குப் போன ஒரு சிறுமியை வைத்துச் சோதித்தோம். அவளுக்கு இரண்டு வரிகள் வந்தன. முதல் வரியில் வரிசை எண் 14, முடிவுத் தேதி எழுதப்பட்டிருக்கும். இரண்டாவதில் எண் 31, முடிவுத் தேதி காலி. காலி என்றால் இப்போதும் அங்கேதான் படிக்கிறாள் என்று பொருள். அவள் மறுபடி அ பிரிவுக்கே திரும்பினாலும் இடம் வேண்டும் என்பதால், ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் சாவியில் தொடக்கத் தேதியையும் சேர்த்தோம். இப்போது அட்டவணைகளும் அவற்றின் கட்டங்களும் இவை:

```
pupil(pupil_id, admission_no, name, dob)
teacher(teacher_id, name)
class(class_id, year, standard, section, class_teacher_id)
enrolment(pupil_id, class_id, from_date, to_date, roll_no)
teaching(teacher_id, class_id, subject)
```

ஆசிரியருக்கும் வகுப்புக்கும் இடையே ஒரு கோடு போதவில்லை. வகுப்பாசிரியர் ஒருவர்தான், பாடம் எடுப்பவர்களோ பலர். அதனால் இரண்டு தனி உறவுகளாக வைத்தோம். ஒரே ஆசிரியர் ஒரே வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுப்பதால், `teaching` சாவியில் பாடமும் உண்டு. வகுப்பாசிரியர் ஆண்டின் நடுவில் மாறினால் பழையவர் பெயர் நிற்காது. அது தெரிந்தேதான் விட்டிருக்கிறோம். அந்த விவரத்தை அலுவலகத்தில் யாரும் பிறகு கேட்பதில்லை.

மாணவரை அடையாளம் காணப் பெயரை நம்பவில்லை. தலைப்பெழுத்து உட்பட ஒரே பெயருள்ள இருவர் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். அரசு தரும் எமிஸ் எண்ணைச் சாவியாக்கலாமா என்றும் பேசினோம். அது நம் கையில் இல்லாத எண், பிள்ளை சேரும் நாளிலேயே கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே உள்ளுக்குள் ஒரு தனி எண், வெளியே பார்க்கச் சேர்க்கை எண்.

ஒரு விஷயத்தை இந்தப் படம் தடுக்காது. ஒரே மாணவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புப் பதிவுகள் திறந்திருந்தாலும் கோடுகள் எதுவும் சொல்லாது. புதிய பதிவு போடும்போது பழையதை மூடியாயிற்றா என்று நிரல்தான் பார்க்க வேண்டும். நிரல் எழுதப் போகிறவருக்கு இதைப் படத்தின் கீழேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறோம்.

வரைபடத்தின் ஒரு பிரதி தலைமையாசிரியர் அறையிலும் இன்னொன்று அலுவலகத்திலும் இருக்கிறது. கட்டணம், மதிப்பெண் இரண்டையும் பொதுக்குழு சொன்னபடி இதில் சேர்க்கவில்லை. அட்டவணைகளை உருவாக்கும் முன் உங்கள் பிள்ளையின் பழைய வகுப்புகளை வைத்து நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வராத கேள்வி இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், காகிதத்தில் இருக்கும்போதே திருத்திவிடுகிறோம்.

இப்படிக்கு,
வரைபடக் குழுவினர்