டேக்கில் எந்த நம்பர்?

குடியிருப்போர் கவனத்துக்கு. தீபாவளி வெடிச் சத்தத்தில் நாய்கள் மிரண்டு ஓடும். கழுத்துப்பட்டை டேக்கை இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரு நம்பர் போதாது. நாயைத் தேடி வெளியே அலைபவரின் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். இரண்டாவது நம்பர் வீட்டில் இருப்பவருடையதாகவோ பக்கத்து வீட்டுக்காரருடையதாகவோ இருக்கட்டும்; அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்து இலக்கத்தையும் ஒட்டிப் பொறிக்காமல் ஐந்து, ஐந்தாகப் பிரித்தால் தெருவிளக்கிலும் படிக்கலாம். மார்க்கரில் எழுதியது குளிப்பாட்டக் குளிப்பாட்ட அழிந்துவிடும், பொறித்ததுதான் நிற்கும். நாயின் பெயருக்கு இடமில்லையா, விடுங்கள், நம்பர்தான் முக்கியம்.

டேக்கைப் பார்த்தே டயல் செய்து பாருங்கள். தெரியாத நம்பர்களை சைலண்ட் ஆக்கும் வசதி உங்கள் போனில் இருந்தால், கண்டெடுத்தவர் எத்தனை முறை கூப்பிட்டாலும் மணி அடிக்காது. நாய் காணாமல் போன அன்றாவது அதை அணைத்துவிடுங்கள்.

ஸ்கூல் பேக் விஷயம் வேறு. வெளியே தெரியும்படி பிள்ளையின் பெயர் வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிவிடும். வெளியே பெற்றோர் நம்பர்கள் இரண்டு, பெயரும் வகுப்பும் பைக்கு உள்ளே.

டேக் பொறிக்க ஆர்டர் சேர்க்கிறோம். வேண்டியவர்கள் நம்பரை குரூப்பில் போடாமல் செயலாளருக்குத் தனியாக அனுப்பவும்.